மூன்றேகால் மணி இடைவேளை

தராசில் இரண்டு காப்பு இருந்தது. கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு வயதான அம்மா கொண்டுவந்தது. இரண்டு பவுண் என்றார். தராசு 15.92 கிராம் காட்டியது, கிட்டத்தட்டச் சரி. உரைகல்லை எடுக்கக் கை நீட்டினேன், அடிவயிறு முறுக்கியது. எனக்கு அந்த முறுக்கு நன்றாகத் தெரியும். அது வந்தால் கையில் இரண்டு நிமிடம்தான்.

காப்பை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "ஐந்து நிமிஷம் அம்மா" என்று எழும்பினேன். அவர் முகம் மாறிவிட்டது. "என்ன புள்ள, நகையில ஏதும் பிழையா?"

பதில் சொல்ல நேரமில்லை. திரும்பி வந்தபோது பதினொரு நிமிடம் போயிருந்தது. அந்த அம்மா இல்லை. அடகுக் கவுண்டரில் இருக்கிற பிள்ளை தன் காப்பைப் போலி என்று நினைத்து உள்ளே யாரையோ கூப்பிடப் போனதாகக் காவலாளியிடம் சொல்லிவிட்டுக் கோபத்தோடு போயிருக்கிறார். மாலையில் மனேஜர் கூப்பிட்டார். "மிஸ், கவுண்டரை விட்டிட்டு அடிக்கடி எங்க போறீங்க?"

நான் திருகோணமலை நகரில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் நகை அடகுப் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்கு அல்சரேற்றிவ் கொலைற்றிஸ், அதாவது பெருங்குடலின் உட்சுவர் அழன்று புண்ணாகும் நாட்பட்ட நோய். கொழும்பில் கொலனோஸ்கோபி செய்து உறுதிப்படுத்தினார்கள். இப்போது எங்கள் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் காட்டி மெசலசின் எடுக்கிறேன், நோய் கூடும்போது சில கிழமை பிரட்னிசலோனும். மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும், பிறகு ஒரு காரணமும் சொல்லாமல் கிளம்பும். கந்தோரில் முதலில் இதை யாருக்கும் சொல்லவில்லை. ஒருவருக்கு மட்டும் 'அல்சர்' என்று சொல்லப் போய், "நேரத்துக்குச் சாப்பிடாட்டி இப்படித்தான்" என்று இரைப்பைப் புண்ணுக்குரிய புத்திமதி எல்லாம் வாங்கிக்கொண்டேன்.

இந்த நோயில் வெளியாட்களுக்கு விளங்காத இடம் ஒன்று உண்டு. வயிற்றோட்டம் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இங்கே பிரச்சினை எவ்வளவு போகிறது என்பதல்ல. மலக்குடல் ஆரோக்கியமாக இருந்தால் பலூன் மாதிரி விரிந்து, வந்ததைத் தேக்கி வைத்துக்கொண்டு, நீங்கள் வசதிப்படும் நேரம் வரை பொறுக்கும். அழற்சி வந்த குடல் விரியாது. ஒரு கரண்டியளவு சளி வந்தாலும் நிரம்பி வழிவதாகத்தான் மூளைக்குச் செய்தி போகும். அதனால்தான் அடக்க முடிவதில்லை. போய் வந்த பிறகும் முடியாத மாதிரியே இருக்கும். சாப்பிடாமல் வந்தால் சரிவரும் என்று நானும் ஒரு மாதம் காலைச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தேன். தலையிடிதான் மிச்சம். வெறும் குடலும் அழைக்கும்.

மனேஜர் கேட்ட அன்றிரவே கடிதம் எழுதினேன். அந்த முதல் கடிதத்தை இப்போது வாசித்தால் கூச்சமாக இருக்கிறது. ஒன்றரைப் பக்கம். நோய் எப்போது தொடங்கியது, கொழும்பில் என்ன சொன்னார்கள், என்னென்ன குளிசை, நான் எவ்வளவு கஷ்டப்படுகிறேன் என்று போய், கடைசி வரியில் "எனவே தேவையான நேரங்களில் வெளியே செல்ல அனுதாபத்துடன் அனுமதி வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்திருந்தேன். கூடவே ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்ட்டின் போட்டோ கொப்பி.

மனேஜர் நல்ல மனிதர். வாசித்துவிட்டு உண்மையிலேயே கவலைப்பட்டார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, "உங்களுக்கு மட்டும் பின்னேரம் மூன்றேகாலுக்குப் பத்து நிமிஷம் கூடுதல் இடைவேளை தந்திருக்கிறன்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்து இருந்தேன். அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவரில் பிழை சொல்ல மாட்டேன். நான் கேட்டது 'ஓய்வு' மாதிரி இருந்தது, அவர் ஓய்வு தந்தார். 'தேவையான நேரங்களில்' என்றால் எத்தனை தரம், எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் திறந்து கிடக்கும் கவுண்டருக்கு என்ன நடக்கும் என்று நான் ஒரு வரியும் எழுதவில்லை. கிளையை நடத்துகிறவருக்கு முதலில் வேண்டியது அதுதான்.

பிறகு ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் வாங்கினேன். பத்து வேலை நாள், எழும்பிய நேரம், திரும்பி இருந்த நேரம், அப்போது கவுண்டரில் என்ன நடந்துகொண்டிருந்தது, இந்த மூன்றும் மட்டும். நோய் விபரம் ஒன்றும் எழுதவில்லை, யாராவது எடுத்துப் பார்த்தாலும் பிரச்சினை இல்லாதபடி. எழும்பிய ஒவ்வொரு தரத்துக்கும் 'மா' என்று ஒரு எழுத்து. காவலாளி ஒருநாள், "மிஸ் ஓடுறதப் பாத்தா ரோட்டில திரியிற மான் மாதிரி" என்று சிரித்தார். எங்கள் ஊரில் மான்கள் தெருவில் மாடு மாதிரித் திரியும். அதிலிருந்து வந்த 'மா'.

பத்து நாள் முடிந்து பார்த்தால் எனக்கே தெரியாத இரண்டு விடயம் அதில் இருந்தது. ஒன்று, நான் நினைத்ததைவிடக் குறைவு. நாள் முழுக்க ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது, கணக்குப்படி ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து தரம், ஒரு தரத்துக்கு ஆறு முதல் ஒன்பது நிமிடம். ஆக மோசமான நாளில் மொத்தம் 38 நிமிடம். இரண்டாவது, நேரம். காலை ஒன்பது மணிக்கு முன்பின் ஒன்று அல்லது இரண்டு, பிறகு பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் கட்டாயம் ஒன்று. காரணம் பிறகுதான் உறைத்தது. எங்கள் தேநீர் இடைவேளை 10.15க்கு. வயிற்றுக்குள் ஏதாவது போனவுடன் பெருங்குடல் அசையத் தொடங்கும், எல்லாருக்கும் உள்ள இயல்பு அது. அழற்சி உள்ளவருக்கு அதுவே அவசரமாகிவிடும். பத்தேகாலுக்கு எல்லாரோடும் சேர்ந்து பிளேன்ரீ குடித்துவிட்டுப் பத்தரைக்குக் கவுண்டரில் இருக்கிறேன், பத்து நாற்பதுக்கு எழும்புகிறேன். இடைவேளைதான் என்னை எழுப்புகிறது!

மனேஜர் மனமிரங்கித் தந்த மூன்றேகால் மணி? குறிப்பில் முதல் ஐந்து நாளும் மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் ஒரு 'மா'வும் இல்லை. அந்த இடைவேளையைப் பயன்படுத்திப் பிஸ்கட்டும் தேநீரும் எடுக்கத் தொடங்கிய பிறகு, மூன்றரைக்குப் புதிதாக ஒன்று முளைத்திருந்தது.

அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் ஒரு கடிதம் கேட்டேன். கிளினிக்கில் இருக்கும் சனத்துக்கு டொக்டரிடம் கதைக்கக் கிடைப்பது சில நிமிடம். "ஒரு கடிதம் தாங்கோ" என்றால் நோயின் பெயரை எழுதி, 'சிகிச்சை பெறுகிறார்' என்று ஒப்பமிட்டுத் தந்துவிடுவார்கள். அதை வைத்து மனேஜரால் ஒன்றும் செய்ய இயலாது. நான் ஒரு துண்டில் நாலு வரி எழுதிக்கொண்டு போனேன்: திடீர் அவசரம் வரும், தள்ளிப்போட இயலாது. நோய் கூடும், தணியும். தொற்றாது. தன் வழமையான வேலையைச் செய்யத் தகுதியுள்ளவர். அவர் வாசித்துப் பார்த்து, தன் வார்த்தையில் அந்த நாலையும் எழுதித் தந்தார். கடைசி வரிதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. அது இல்லாவிட்டால் நோய்க் கடிதம் கொடுத்தவரைப் பின்பக்கக் கோப்பு வேலைக்கு மாற்றிவிடுவது நம்மூரில் சாதாரணம். கவுண்டர் வேலைக்கான கொடுப்பனவும் அதோடு போய்விடும்.

டயக்னோசிஸ் கார்ட்டை இந்த முறை இணைக்கவில்லை. அதில் வேலைக்குத் தேவையில்லாத எல்லாம் இருக்கிறது, தேவையான ஒரு வரி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடினேன். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் நோய்க்கும் சொந்த அலுவலுக்கும் வருடத்துக்கு 7 நாள் லீவு இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டியது நாள் அல்ல, நிமிடம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனமுற்றவர்களை வேலைக்கு எடுப்பதில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது, ஆனால் அங்கவீனம் என்று அது விபரிக்கிறபோது தன் அன்றாடத் தேவையைத் தானே பார்க்க இயலாதவரைத்தான் சொல்கிறது. நான் அதற்குள் வருவேனா என்று வாதாடிக்கொண்டிருப்பதில் எனக்கு நாட்டமில்லை. பிரித்தானியாவில் இருக்கும் மச்சாள், "அங்க சட்டப்படி கேள்" என்று அவர்கள் ஊர் மாதிரிக் கடிதம் ஒன்றை அனுப்பினாள். பிரித்தானியாவில் தொழில்தருநர் நியாயமான மாற்றங்களைச் செய்துகொடுக்கச் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. இங்கே அந்தத் தொனியில் எழுதினால் மனேஜர் அதைத் தலைமைக் கந்தோரின் சட்டப் பிரிவுக்கு அனுப்பிவிட்டுக் கையைக் கழுவியிருப்பார். ஆகவே கோரிக்கையாகவே எழுதினேன், கெஞ்சலாக இல்லாமல். இரண்டாவது கடிதம் இதுதான்:

---

கிளை முகாமையாளர் அவர்களுக்கு,

நேரம் குறிக்காத சிறு இடைவேளைகளுக்கான கோரிக்கை

ஐயா,

எனக்கு நாட்பட்ட குடல் அழற்சி நோய் உள்ளது. இது தொற்றுநோய் அல்ல. நோய் கூடும் காலங்களில் திடீரென மலசலகூடம் செல்ல நேரிடும். அதை ஓரிரு நிமிடங்களுக்கு மேல் தள்ளிப்போட இயலாது. வைத்தியரின் கடிதம் தங்கள் பார்வைக்கு மட்டும் மூடிய உறையில் உள்ளது.

கடந்த 10 வேலை நாட்களில் நாளொன்றுக்கு 3 முதல் 5 தடவை, ஒவ்வொரு தடவையும் 6 முதல் 9 நிமிடம் கவுண்டரை விட்டுச் சென்றுள்ளேன். ஆகக் கூடிய நாளின் மொத்தம் 38 நிமிடம். நோய் தணிந்த மாதங்களில் இது ஒன்றிரண்டு தடவையாகக் குறையும்.

எனக்கு வழங்கப்பட்டுள்ள 10.15 தேநீர் இடைவேளையின் 15 நிமிடத்தையும், 3.15 இடைவேளையின் 10 நிமிடத்தையும் குறித்த நேரத்தில் எடுக்காமல், தேவைப்படும்போது பிரித்து எடுக்க அனுமதி கோருகிறேன். மதிய உணவு நேரத்தில் மாற்றம் வேண்டாம். 25 நிமிடத்துக்கு மேற்படும் நேரத்தை மாலைக் கணக்கு முடித்த பின் ஈடுசெய்வேன்.

எழும்பும்போது கவுண்டர் நிலை பின்வருமாறு இருக்கும். நகை பரிசோதனையில் இருந்தால், கமராவின் முன் வாடிக்கையாளரின் கையிலேயே திருப்பிக் கொடுத்த பின்னரே எழும்புவேன். பரிசோதனை முடிந்து நகை உறையில் இடப்பட்டிருந்தால், இரண்டாம் ஒப்பமிடும் உத்தியோகத்தர் பொறுப்பேற்பார். பணம் எண்ணத் தொடங்கியிருந்தால் எண்ணி முடித்துக் கொடுப்பேன். கணினித் திரையைப் பூட்டி, பண லாச்சியின் சாவியை என்னுடனே கொண்டு செல்வேன். காத்திருப்பவரிடம் பக்கத்துக் கவுண்டர் உத்தியோகத்தர் தகவல் சொல்வார். அவருடன் கதைத்துச் சம்மதம் பெற்றுள்ளேன்.

மூன்று மாதங்களுக்கு இதைச் செயற்படுத்திப் பார்த்து, பின்னர் மீண்டும் கதைக்கலாம் எனக் கருதுகிறேன்.

---

எழுதும்போது அதிகம் யோசித்தது 'கவுண்டர் நிலை' பகுதியைத்தான். அடகுப் பிரிவில் மனேஜருக்குள்ள பயம் நான் எத்தனை நிமிடம் இல்லை என்பதில் இல்லை. வாடிக்கையாளரின் நகை மேசையில் கிடக்க, அதற்குப் பொறுப்பானவர் இல்லாமல் போவதுதான். ஒரு மோதிரம் மாறிவிட்டால் கிளையே பதில் சொல்ல வேண்டும். பணம் எண்ணி முடிப்பேன் என்று எழுதியதற்கும் துணிவு வேண்டியிருந்தது. உண்மையில் அந்த ஒரு நிமிடம் சில நாட்களில் பெரும் பாடு. ஆனால் பாதி எண்ணிய காசை விட்டுப் போக எந்த மனேஜரும் ஒப்பமாட்டார், நானே அவர் இடத்தில் இருந்தால் ஒப்பமாட்டேன்.

பக்கத்துக் கவுண்டர் தங்கச்சியிடம் முதலில் கேட்காமல் அவளை எழுதியிருந்தால் பிழையாகிப் போயிருக்கும். ஒரு மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, நோயின் பெயர் சொல்லாமல், எவ்வளவு தரம் எவ்வளவு நேரம் என்று மட்டும் சொன்னேன். "இவ்வளவுதானே அக்கா, நான் வேற என்னவோ எண்டு நினைச்சன்" என்றாள். அந்த 'வேற என்னவோ' என்னவென்று நான் கேட்கவில்லை. பிரட்னிசலோனில் என் முகம் ஊதியிருந்த காலம். கந்தோரில் என்னென்ன கதை ஓடியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

மனேஜர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மூன்று கேள்வி கேட்டார். தங்கச்சி லீவென்றால்? அன்றைக்கு யார் என்று காலையிலேயே அவர் குறிப்பதாக முடிவானது. மற்றவர்கள் கேட்டால் என்ன சொல்வது? "மருத்துவக் காரணம், நான் அனுமதித்தது" என்று மட்டும் சொல்லுங்கோ சேர் என்றேன். மூன்றாவது, மாலையில் அந்தப் பதின்மூன்று நிமிடத்தை யார் நின்று கணக்குப் பார்ப்பது? "அதை விடுங்கோ மிஸ்" என்று பேனாவால் அந்த வரியை வெட்டினார். அதை எழுதியதற்கே வீட்டில் என் அக்கா என்னை ஏசினாள், உன் நேரத்தை நீயே ஏன் விற்கிறாய் என்று. இருக்கலாம். ஆனால் வெட்டுவதற்கு அவருக்கு ஒரு வரி இருந்தது, மற்றவற்றில் அவர் கை வைக்கவில்லை. மதிய நேரத்தை மட்டும் நான் பேரத்துக்கு வைக்கவில்லை. சாப்பிட்ட பிறகு வரும் அவசரத்தை அந்த ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே முடித்துவிட்டு வர முடிகிறது. அதில் கால்வாசியைக் கொடுத்திருந்தால் பின்னேரம் அது கவுண்டரில் வந்து நின்றிருக்கும்.

கடிதத்தின் அடியில் 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதி ஒப்பமிட்டு, திகதியும் போட்டுத் தந்தார். ஒரு பிரதியை வாங்கிக்கொண்டேன். வாயால் "சரி, போங்கோ" என்று சொல்லியிருந்தால் இரண்டாம் மாதமே சிக்கியிருப்பேன். தலைமைக் கந்தோரிலிருந்து கணக்காய்வுக்கு வந்தவர்கள் கமராப் பதிவைப் போட்டுப் பார்த்து, ஒரே நாளில் நாலு தரம் அடகுக் கவுண்டர் ஆளில்லாமல் இருந்ததாகக் கேள்வி எழுப்பினார்கள். மனேஜர் கோப்பைத் திறந்து கடிதத்தைக் காட்டினார். அவர்கள் கடிதத்தில் எழுதியதையும் கமராவில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: திரை பூட்டியிருக்கிறதா, மேசையில் நகை இருக்கிறதா, லாச்சி சாத்தியிருக்கிறதா. ஒரு இடத்தில் திரை பூட்டாமல் எழும்பியிருந்தேன். அதை மட்டும் குறித்துக்கொண்டு போனார்கள். வைத்தியர் கடிதம் இருந்த உறையை யாரும் கேட்கவில்லை. கோரிக்கையையும் நோயையும் வேறு வேறு தாளில் வைத்ததன் பலன் அன்றைக்குத்தான் விளங்கியது. ஒரே தாளில் இருந்திருந்தால் கொழும்பிலிருந்து வந்த இரண்டு பையன்களுக்கும் என் குடலின் கதை முழுக்கத் தெரிந்திருக்கும்.

கடிதத்தால் எல்லாம் தீரவில்லை. மாதத் தொடக்கத்திலும், பெருநாள், சித்திரை வருசம் வருகிற கிழமைகளிலும் வரிசை வாசல் வரை நிற்கும். அந்த நாட்களில் நான் எழும்பினால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பது கேட்கும். நோய் மிகவும் கூடி, இரத்தம் அதிகம் போகிற நாட்களில் இடைவேளையெல்லாம் போதாது. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு கிளினிக்குக்குப் போக வேண்டியதுதான். ஒருமுறை அப்படியான நாளில், வேலையை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று கடையில் வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசை வாங்கிப் போட்டேன். டொக்டர் நன்றாக ஏசினார். அழற்சி உச்சத்தில் இருக்கும்போது அதைக் கேட்காமல் போட்டால் குடல் அசைவற்று வீங்கி ஆபத்தாகலாமாம்.

மூன்று மாதம் முடிந்து மனேஜரோடு இருந்து கதைத்தபோது குறிப்புப் புத்தகத்தையும் கொண்டுபோனேன். ஒரு தரத்துக்கு ஆறு முதல் ஒன்பது நிமிடம் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதில் இரண்டு மூன்று நிமிடம் டொய்லெட்டில் போனதே அல்ல. எங்கள் ஊழியர் மலசலகூடம் மேல்மாடியில். வெளியாட்கள் போய்விடுவார்கள் என்று பூட்டி, சாவியைக் காவலாளியிடம் கொடுத்திருந்தார்கள். அவர் வாசலில் வாகனம் நிறுத்தக் கைகாட்டிக்கொண்டிருப்பார். நான் போய்க் கேட்க வேண்டும், அவர் பை தடவி எடுக்க வேண்டும். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியேறும் முன் நான் நின்ற நிமிடங்கள் அவை. இவ்வளவு கணக்குப் போட்டு எழுதிய கடிதத்தில் சாவியைப் பற்றி எழுத எனக்குத் தோன்றவே இல்லை, கேட்க வெட்கமாக இருந்த ஒரே பொருள் அதுதான் போல.

மனேஜர் அன்றைக்கே பையனை அனுப்பி மத்திய வீதியில் இன்னொரு சாவி வெட்டுவித்தார். இப்போது அது என் மேசை லாச்சியில், உரைகல்லுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.